78 சென்டிமீட்டர் சுவர்

மரபுக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் அலுவலகங்களுக்கு ஆண்டு முழுவதும் பயிற்சி கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். எழுதுபவர்கள் ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பில் பயிற்சிப் பருவத்தை எட்டியவர்கள், அல்லது படிப்பை அப்போதுதான் முடித்தவர்கள். பெரும்பாலான கடிதங்களில் இருப்பது ஒன்றே: சிறு வயதிலிருந்து பழைய கட்டடங்கள்மேல் பற்று, ஆட்டோகேட் தெரியும், ஸ்கெட்ச்அப் தெரியும், கல்லூரிக் குழுவோடு ஒரு தெருவை அளந்து வரைந்த அனுபவம் உண்டு. கூடவே அழகான படங்கள்.

கடிதத்தைப் பிரிக்கிறவர் தேடுவது வேறு. நாளைக்கே இந்தப் பிள்ளையை டேப்போடு ஒரு பழைய வீட்டுக்குள் அனுப்பினால், கொண்டுவரும் எண்களை நம்பி ஓர் உத்தரத்தை வெட்டச் சொல்லலாமா? அந்த ஒரு கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

புதிய வீட்டுக்குப் படம் முதலில், கட்டடம் பிறகு. பழைய வீட்டில் இது தலைகீழ். கட்டடம் நூறாண்டாக நிற்கிறது, படம் இருக்காது. வீட்டை மூலைக்கு மூலை அளந்து, அது இன்று எப்படி நிற்கிறதோ அப்படியே தாளில் கொண்டுவந்த பிறகுதான் எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று பேசவே முடியும். இதற்கு அளவைப் படம் என்று பெயர். பாதுகாப்புப் பணிக்கு உலகெங்கும் அடிப்படையாகக் கொள்ளப்படும் 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், எந்த வேலைக்கும் படங்களோடு கூடிய துல்லியமான ஆவணம் வேண்டும் என்று தன் கடைசிப் பிரிவில் சொல்கிறது. பயிற்சிக்கு வருகிற இளைஞருக்கு முதலில் கிடைக்கிற வேலையும் பெரும்பாலும் இதுதான்.

அப்படியானால் அந்தக் கடிதம் எப்படி இருக்க வேண்டும்? விளக்குவதற்காக ஒன்றை இங்கே எழுதிக் காட்டுகிறேன். வீடும் எண்களும் செட்டிநாட்டு வீடுகளின் வழக்கமான அமைப்பை ஒட்டி நான் அமைத்தவை.

“மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

இந்த ஆண்டு பி.ஆர்க். முடித்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன். எனக்குச் செய்யத் தெரிந்த வேலை அளப்பதும் வரைவதும். அதற்குச் சான்றாக ஒரே ஒரு வீட்டை உங்கள் முன் வைக்கிறேன்.

காரைக்குடியை அடுத்த கிராமத்தில் இரண்டு கட்டு வீடு. மூன்று பேர் சேர்ந்து அளந்தோம். தரைத்தளப் பிளானையும், வளவின் குறுக்கே போகும் செக்‌ஷனையும் 1:50 அளவில் வரைந்தது நான். கதவு நிலைகளை வரைந்தவர் என் நண்பர். அந்தப் படங்களை இதோடு இணைக்கவில்லை.

ஒவ்வோர் அறைக்கும் நான்கு பக்கங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் எடுத்தோம். படத்தில் வந்த மூலைவிட்டத்துக்கும் நேரில் அளந்ததற்கும் இடையே கண்ட அதிகபட்ச வேறுபாடு 1 செ.மீ.

வளவுக்கு வடக்கே உள்ள இரண்டு அறைகளுக்கு நடுச்சுவர் 78 செ.மீ. வருகிறது. மற்ற சுவர்கள் 46. மறுபடி அளந்தோம், அதே எண்தான். காரணம் என்று நான் கருதுவதைப் படத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். பூச்சைத் திறந்து பார்க்கவில்லை. கூரையின் உட்புறம் ஏற வழியில்லாததால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு வரும் கோட்டில் காட்டியிருக்கிறேன்.

இணைப்பு: படங்கள் 2, அவற்றுக்கான களக் குறிப்பேட்டுப் பக்கங்கள் 4.”

சிறிய கடிதம்தான். பழமைமேல் பற்று என்ற சொல்லே இதில் வரவில்லை. ஆனால் வேலை தெரிந்தவர் இதை ஒரு முறை படித்தாலே போதும், அடுத்த வாரம் வரச் சொல்லிவிடுவார். ஏன் என்று புரிய, கடிதத்தில் உள்ள மூன்று செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு மூலைவிட்டம் எதற்கு?

பழைய வீட்டில் எந்த அறையும் சரியான செவ்வகம் இல்லை. கண்ணுக்குச் செவ்வகமாகத் தெரியும், டேப் வேறு சொல்லும். அந்த வீட்டின் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். மூலைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகப் பெயர் வைப்போம். அ முதல் ஆ வரை 426 செ.மீ. ஆ முதல் இ வரை 312. இ முதல் ஈ வரை 422. ஈயிலிருந்து மீண்டும் அ வரை 315.

பழக்கமில்லாதவர் இங்கேயே நிறுத்திவிடுவார். எதிரெதிர்ச் சுவர்கள் சில சென்டிமீட்டர்தானே வேறுபடுகின்றன என்று 426-க்கு 315 என ஒரு செவ்வகம் போட்டுவிடுவார். ஆனால் நான்கு பக்கங்களின் நீளம் மட்டும் தெரிந்தால் ஒரு வடிவம் நிலைப்படாது. அதே நான்கு நீளங்களை வைத்து இடப்பக்கம் சாய்ந்த அறையையும் வரையலாம், வலப்பக்கம் சாய்ந்ததையும் வரையலாம். மூன்று பக்கம் தெரிந்த முக்கோணம் அப்படி இல்லை, அதற்கு ஒரே வடிவம்தான். அதனால்தான் அறையை மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கிறார்கள்.

ஆ மூலையிலிருந்து ஈ மூலைக்கு அளந்தால் 523 வருகிறது. இனி வரையலாம். 426-க்கு ஒரு கோடு. அதன் அ முனையில் காம்பஸை ஊன்றி 315-க்கு ஒரு வில், ஆ முனையில் ஊன்றி 523-க்கு ஒரு வில். இரண்டும் வெட்டும் புள்ளி ஈ. அதே முறையில் ஆவிலிருந்து 312, ஈயிலிருந்து 422 என்று போட்டால் இ கிடைத்துவிடும். அறை முடிந்தது. கணினியில் வரைந்தாலும் முறை இதுவே.

வரைவதற்கு இந்த ஒரு மூலைவிட்டம் போதும். இரண்டாவது, சரிபார்க்க. அவிலிருந்து இ வரை நேரில் அளந்தது 532. படத்தில் அதே தூரத்தைப் பார்த்தால் 531.6 வருகிறது. வேறுபாடு அரை சென்டிமீட்டருக்கும் குறைவு. 1:50 படத்தில் அது 0.1 மில்லிமீட்டர்கூட வராது, பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும். ஆறு அளவுகளில் எதையாவது தப்பாகப் படித்திருந்தால், 422-ஐ 442 என்று எழுதியிருந்தால், இந்த இடத்தில் கட்டாயம் உதைக்கும்.

அந்த அறை செவ்வகமாக இருந்திருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 530 வந்திருக்கும். 532, 523 என்று வருவதால் ஈ என்ற மூலை சுமார் 8 செ.மீ. நகர்ந்து நிற்பது தெரிகிறது. ஓர் அறையில் 8 செ.மீ. என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அறையை ஒட்டி அடுத்ததை வரைகிறோம், அதை ஒட்டி அதற்கடுத்தது. பின்கட்டுக்குப் போய்ச் சேரும்போது சுவர்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. அப்போது பலரும் செய்கிற காரியம், பொருந்தும்வரை எண்களை இழுத்து விடுவது. அந்தப் படம் பார்க்க நன்றாக இருக்கும், வேலைக்கு உதவாது.

ஆகவே “அதிகபட்ச வேறுபாடு 1 செ.மீ.” என்ற வரிதான் கடிதத்திலேயே கனமான வரி. தன் படத்தில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று அளந்து சொல்கிறவர், அளவெடுப்பதைப் புரிந்துகொண்டவர்.

வளவுத் தூண்களை அளப்பதிலும் இதே அக்கறை வேண்டும். ஒரு வரிசையில் பத்துத் தூண்கள் என்றால் ஒன்பது இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளியையும் தனித்தனியே அளந்து கூட்டினால், ஒவ்வொன்றிலும் அரை சென்டிமீட்டர் பிழை ஒரே பக்கம் சேர்ந்து கடைசித் தூண் 4.5 செ.மீ. தள்ளிப்போகக்கூடும். டேப்பின் பூஜ்யத்தைச் சுவர் மூலையில் ஒருவர் பிடித்துக்கொள்ள, டேப்பை நகர்த்தாமல் ஒவ்வொரு தூணின் இரு விளிம்புகளையும் தொடர்ந்து படித்துக்கொண்டே போனால், பிழை அந்தந்தத் தூணோடு நின்றுவிடும். அளந்தவர் எந்த முறையில் எடுத்தார் என்பதைக் குறிப்பேட்டுப் பக்கம் காட்டிக்கொடுக்கும். அதற்காகவே சுத்தமான படத்தோடு மண்ணும் வியர்வையும் பட்ட குறிப்பேட்டின் நகலையும் இணைக்கச் சொல்கிறோம்.

மிஞ்சிய எண்ணின் கதை

இப்போது அந்த 78-க்கு வருவோம். சுவரின் தடிமனை நேரடியாக அளக்கக் கதவு நிலை போன்ற ஒரு திறப்பு வேண்டும். திறப்பே இல்லாத நடுச்சுவரின் தடிமனைக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இரண்டு அறைகளின் இரு முனைகளிலும் நடைவழி இருப்பதால், வளவுப் பக்கச் சுவரின் மொத்த நீளத்தை வெளியிலிருந்து அளக்க முடிந்தது: 984 செ.மீ. உள்ளே இடது அறை 426, வலது அறை 388. இரு முனைச் சுவர்களும் நடைவழிக் கதவுகளில் பார்த்தபடி 46, 46. எல்லாம் சேர்ந்து 906. மிஞ்சுவது 78.

வீடு முழுக்க 46 செ.மீ. சுவர், இங்கே மட்டும் 32 கூடுதல். அவசரக்காரர் தான் எங்கோ தப்பாக அளந்துவிட்டதாக நினைத்து, நடுச்சுவரையும் 46 என்று போட்டு, மீதி 32-ஐ இரண்டு அறைகளுக்கும் பங்கிட்டுவிடுவார். கடிதம் எழுதியவர் மறுபடி அளந்தார். எண் மாறாதபோது வீட்டைக் கேட்கத் தொடங்கினார்.

வீடு மூன்று பதில் சொன்னது. முதலாவது தரை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, வளவைச் சுற்றிச் சுவர்களில் ஒரே மட்டத்தில் ஒரு கோடு குறித்து, அதிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அறைக்கு அறை அளந்தார்கள். வலது அறையின் தரை இடதைவிட 4 செ.மீ. உயரம். இந்த வேலையில் குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். குழாயின் இரு முனைகளையும் அருகருகே பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது மேல்தளம். இரண்டு அறைகளுக்குமே மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் கோணலாக அடுக்கிய தளம். ஆனால் கட்டைகளின் இடைவெளி இடது அறையில் ஒன்று, வலது அறையில் வேறு. ஒரே தச்சர் ஒரே சமயத்தில் செய்திருந்தால் இப்படி வராது.

மூன்றாவது, வீட்டுக்காரர் நீண்ட நாளாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த விரிசல். வளவைப் பார்த்த சுவரில் மேலிருந்து கீழாக ஒரே நேராக ஓடுகிறது. இடது முனையிலிருந்து அதன் தூரத்தை அளந்தார்கள்: 518 செ.மீ. முனைச் சுவர் 46, இடது அறை 426, அதன்பின் இன்னொரு 46. கூட்டினால் சரியாக 518.

கணக்கு விளங்கிவிட்டது. இடது அறையோடு ஒரு காலத்தில் வீடு முடிந்திருக்கிறது. இன்றைய நடுச்சுவரின் முதல் 46 செ.மீ., அன்றைய வெளிச்சுவர். பிறகு எப்போதோ வலது அறையைச் சேர்த்தபோது, பழைய சுவரின்மேல் புதுக் கட்டைகளைப் பதிக்காமல், அதை ஒட்டி 32 செ.மீ.க்குத் தனியாக ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பழைய சுவரும் புதிய சுவரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன, செங்கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னவில்லை. வெளிப்பூச்சு இரண்டையும் மூடி ஒரே சுவராகக் காட்டியது. நாளடைவில் அந்தச் சந்திலேயே பூச்சு பிளந்தது.

இது வரலாற்று ஆர்வத்தோடு முடிந்துபோகிற செய்தி இல்லை, செலவு சம்பந்தப்பட்டது. விரிசலைப் பார்த்தவர்கள் அஸ்திவாரம் இறங்குகிறது என்று பயந்து, தரையைத் தோண்டிக் கான்கிரீட் போட யோசித்திருப்பார்கள். அஸ்திவாரம் இறங்கினால் வரும் விரிசல் பெரும்பாலும் சாய்வாக, செங்கல் வரிசைகளில் படிப்படியாக ஏறும். ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் மெல்லியதாகவும் இருக்கும். இங்கே மேலும் கீழும் ஒரே அகலம், நேர் செங்குத்து, அதுவும் இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடத்தில். சந்தேகம் தீர விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஜிப்சத்தில் பதித்து, மழைக்காலம் ஒன்று தாண்டும்வரை விட்டுப் பார்க்கலாம். கண்ணாடி உடையாவிட்டால் சுவர் அசையவில்லை. பிறகு சுண்ணாம்புக் கலவையால் அடைத்தால் போதும். சிமென்ட் கூடாது. பழைய செங்கல்லையும் சுண்ணாம்பையும்விட அது கடினமானது, சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும்.

தோண்ட வேண்டிய அவசியமே இல்லை என்று சொன்னது, பங்கிட்டுக் காணாமல் போகவிடாமல் எழுதி வைத்த அந்த மிச்ச எண்.

தெரியாததை வரைவது

கடிதத்தின் மூன்றாவது செய்தி, பூச்சைத் திறக்கவில்லை, கூரைக்குள் ஏறவில்லை என்பது. வேலை கேட்கும் கடிதத்தில் செய்யாததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அளவைப் படத்தில் அழுத்தமான கோடு என்றால், “இதை நான் தொட்டு அளந்தேன்” என்று பொருள். விட்டுவிட்டு வரும் கோடு என்றால், “இது இருக்க வேண்டும் என்று கருதுகிறேன், பார்க்கவில்லை” என்று பொருள். இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்த படத்தை நம்பி ஒருவர் தளத்தில் துளை போட்டால், கட்டை இல்லை என்று நினைத்த இடத்தில் கட்டை இருக்கும்.

நம் வீட்டின் பிளானில் 78 செ.மீ. சுவரின் இரு விளிம்புகளும் அழுத்தமான கோடுகள், அவை அளந்தவை. நடுவே, இரண்டு சுவர்களும் ஒட்டும் இடத்தில் விட்டுவிட்டு ஒரு கோடு. பக்கத்தில் “ஊகம். பூச்சைச் சிறிது திறந்து உறுதிசெய்ய வேண்டும்” என்று ஒரு குறிப்பு. மூத்தவர் ஒருவர் வந்து உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை எடுத்துப் பார்த்து, ஊகம் சரியா தப்பா என்று முடிவு சொல்ல இது போதும்.

செக்‌ஷனிலும் அப்படியே. சுவர்களைத் தூக்குக் குண்டு விடாமல் நேராக வரைந்துவிடுவது எளிது. நூலிலிருந்து சுவரின் மேல்முனை, நடு, அடி என்று தூரம் எடுத்தால்தான் அது வெளியே சாய்கிறதா, நடுவில் உப்பியிருக்கிறதா என்று தெரியும். கூரை சுவரைத் தள்ளுகிறது என்பதற்கு அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரே சாட்சி.

இப்போது லேசர் ஸ்கேனர் வந்துவிட்டதே, டேப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கேனர் கண்ணுக்குத் தெரியும் பரப்பைச் சில நிமிடங்களில் கோடிக்கணக்கான புள்ளிகளாகப் பதிந்துவிடும், எட்டாத உயரத்துக்கும் கோணலான விதானத்துக்கும் அதைப்போல உதவுவது வேறில்லை. ஆனால் அலமாரிக்குப் பின்னால் இருப்பதை அது பார்க்காது. எது பழைய செங்கல், எது பிற்காலத்தில் அடைத்தது என்று சொல்லாது. அந்தப் புள்ளிகளைப் பார்த்து எந்தக் கோட்டை எங்கே போடுவது என்று முடிவுசெய்பவருக்குச் சுவரைக் கையால் தொட்ட பழக்கம் இருக்க வேண்டும்.

பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் இரண்டுமே கைகொடுத்தன. ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாளர் அதை லேசரில் பதிந்து வைத்திருந்தார். இன்னொரு பக்கம், பாரிஸின் ஷாயோ பள்ளியில் மரபுக் கட்டடப் பாதுகாப்பு படித்துக்கொண்டிருந்த ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் த்ராந்தஸோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் தங்கள் படிப்பின் பகுதியாக 2014இல் கூரைக்கடியில் இருந்த ஓக் மரச் சட்டங்களை அளந்து வரைந்தார்கள். 2019 ஏப்ரல் 15 அன்று அந்த மரவேலை முழுக்க எரிந்துபோனது. பழைய வடிவத்திலேயே மீண்டும் எழுப்புவது என்று முடிவானபோது, தச்சர்களுக்கு எந்தச் சட்டம் எங்கே எப்படிச் சேர்கிறது என்று சொல்ல அந்தப் படங்கள் இருந்தன. ஃப்ரோமோன் மறுகட்டுமானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர்களில் ஒருவராகவும் பணியாற்றினார். 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது. மாணவர் வரைந்த படம் என்று ஒதுக்கியிருந்தால் அந்தக் கூரைக்கு ஆதாரம் குறைந்திருக்கும்.

கடிதத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது

நம் கல்லூரிகளில் அளவெடுப்பு பெரும்பாலும் கூட்டு வேலை. தேசியக் கட்டடக்கலை மாணவர் சங்கம் நடத்தும் லூயி கான் டிராஃபி போட்டிக்காகப் பெரிய குழுவாகச் சேர்ந்து ஓர் ஊரையே ஆவணப்படுத்துவார்கள். கடிதத்தில் அதைச் சொல்வது நல்லதுதான், ஆனால் அந்தப் படங்களில் எந்தக் கோடு உங்களுடையது என்று சேர்த்துச் சொல்லுங்கள். நம் கடிதம் நண்பர் வரைந்த கதவு நிலைப் படங்களை இணைக்காமல் விட்டது இதனால்தான். நேர்முகத்தில் முதல் கேள்வியே “இந்த அளவை எங்கே நின்று எடுத்தீர்கள்?” என்பதாக இருக்கும். எடுத்தவருக்கு மட்டுமே பதில் தெரியும்.

இருபது பக்க போர்ட்ஃபோலியோவைவிட ஒரு பிளானும் ஒரு செக்‌ஷனும் போதும். முடிந்தால் 1:20 அல்லது முழு அளவில் ஒரு விவரப் படம், உதாரணமாகத் தூணின் அடிப்பகுதியில் வரும் வளைவுகள். அவற்றை அளக்க, அழுத்தினால் வளைவுக்கு ஏற்றபடி உள்வாங்கும் ஊசி வரிசை கொண்ட ஒரு கருவி கடைகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு தாளிலும் அளவுகோல், வடக்குக் குறி, அளந்த தேதி, அளந்தவர் பெயர், வரைந்தவர் பெயர் இருக்கட்டும். தேதி முக்கியம். இன்று 3 மில்லிமீட்டர் அகலம் இருக்கும் விரிசல் ஐந்து ஆண்டு கழித்து 5 ஆகியிருந்தால், அது பெருகிய வேகத்தை உங்கள் தேதியை வைத்தே சொல்ல முடியும்.

வீட்டுக்காரர் பெயரையும் முகவரியையும் கடிதத்தில் எழுதாதீர்கள். யார் வீட்டில் எந்தச் சுவர் பலவீனம், பின்வாசல் எங்கே என்று காட்டும் தாள் அது. அளக்க அனுமதித்தவரிடம், படத்தை வெளியே காட்டலாமா என்று தனியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லலாம்.

கடைசியாக, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். “நிறையக் கற்க ஆவல்” என்ற வரிக்குப் பதில் எழுத யாராலும் முடியாது. “சுண்ணாம்புப் பூச்சின் அடுக்குகளைப் படத்தில் எப்படிக் குறிப்பது என்று கற்க வேண்டும், செக்‌ஷனில் தளத்தின் உட்புறத்தை நான் ஊகமாகவே வரைந்திருக்கிறேன்” என்று எழுதினால், அலுவலகம் உங்களை எந்த வேலைத்தளத்துக்கு, யாரோடு அனுப்பலாம் என்று அன்றைக்கே யோசிக்கத் தொடங்கிவிடும். பழுதுபார்ப்பு முடிந்த பிறகு, திறந்த பூச்சு மூடப்பட்டுவிடும், மாற்றிய கட்டைகள் போய்விடும். முன்பு அங்கே என்ன இருந்தது என்று அடுத்த தலைமுறைக்கு ஆதாரமாக நிற்கப்போவது, பயிற்சிக்கு வந்த ஒருவர் பெயரெழுதித் தேதி போட்ட தாளாகக்கூட இருக்கலாம். அந்தத் தாளை நம்பி ஒப்படைக்கலாமா என்பதற்குச் சான்று கேட்டுத்தான் கடிதத்தையே படிக்கிறோம்.